அடி கருத்த தக்காளியும் சுருண்ட இலையும்

காய் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்திருக்கும். பச்சையாக, பளபளப்பாக, மேலிருந்து பார்க்க ஒரு குறையும் தெரியாது. விரலால் மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால், பூ உதிர்ந்த இடத்தில் நீர் கோத்ததுபோல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். சில நாளில் அது காசு அளவுக்குப் பரவிப் பழுப்பாகும். பிறகு உள்வாங்கி, கருந்தோல்போலத் தட்டையாகக் காய்ந்துவிடும். அதே செடியில் இலைகளும் ஓரம் மடங்கிச் சுருண்டு நிற்கும். மொட்டை மாடியில் க்ரோ பேக்கில் தக்காளி வைத்தவர்களில், மாசி பங்குனியில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு.

இலையும் சுருண்டு காயும் கருத்தால், செடிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். உடனே மருந்து தேடி ஓடுவோம். ஆனால் காயின் அடி கருப்பதற்குப் பூஞ்சையோ பாக்டீரியாவோ காரணம் இல்லை. பூச்சியும் காரணம் இல்லை. எந்த மருந்தைத் தெளித்தாலும் அது அடங்காது. இலைச்சுருட்டல் மட்டும்தான் சில நேரம் நோயாகவும் சில நேரம் வெறும் வெயில் களைப்பாகவும் இருக்கும். அதனால் இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் காய். அடி கருப்பதற்குக் காரணம் காயின் அந்த முனைக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததுதான். இதுவரை பலருக்கும் தெரியும். அதனால்தான் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள், வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள், கடையில் கால்சியம் டானிக் வாங்கி இலையில் தெளிக்கிறார்கள். இவ்வளவும் செய்த பிறகும் அடுத்த கொத்தின் அடி கருக்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். காரணம், பெரும்பாலான மாடிகளில் மண்ணில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறதே, அதில் பெரும்பங்கு கால்சியம்தான். செடியின் காலடியில் சத்து கிடக்கிறது, காய்க்கு ஏறவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, ஏன் ஏறவில்லை என்பது.

கால்சியம் செடிக்குள் தானாக நகராது. வேர் உறிஞ்சும் தண்ணீரோடு சேர்ந்து மேலே போகும், தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போய் இறங்கும். பகலில் இலைகள் தண்ணீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால், வேரிலிருந்து வரும் தண்ணீர் முழுக்க இலைப்பக்கமே இழுபடும். தக்காளிக் காயின் தோலிலோ இலையில் இருப்பதுபோன்ற சுவாசத் துளைகள் கிடையாது. அது ஆவியாக விடுவது மிகக் கொஞ்சம், ஆகவே அதற்குள் வரும் தண்ணீரும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் காம்பருகே உள்ள பகுதி முதலில் எடுத்துக்கொள்ளும். கடைசியில் இருக்கும் பூ முனைக்கு மிச்சம்தான் கிடைக்கும். இன்னொன்று, ஒரு தடவை இலையில் போய் இறங்கிய கால்சியம் அங்கேயே தங்கிவிடும். நைட்ரஜனைப்போல, பொட்டாசியத்தைப்போல, தேவைப்பட்ட இடத்துக்குத் திரும்பி வராது. கால்சியம் டானிக்கை இலையில் தெளித்தால் அது இலைக்குத்தான் போகும், காய்க்குப் போகாது என்பது இதனால்தான்.

அப்படியானால் காய்க்கு எப்போதுதான் கிடைக்கிறது? பெரும்பாலும் இரவில். வெயில் இறங்கி இலைகளின் இழுவை நின்ற பிறகும், மண்ணில் ஈரம் இருந்தால் வேர் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் தக்காளி இலை ஓரங்களில் முத்து முத்தாக நீர் நிற்கும். பலரும் அதைப் பனி என்று நினைப்பார்கள், பல நாள் அது வேர் தள்ளிய தண்ணீர்தான். அந்த அழுத்தத்தில்தான் காயின் முனை வரைக்கும் தண்ணீரும் அதோடு கால்சியமும் எட்டும். மாலையில் பை காய்ந்து கிடந்தால் அந்த இரவு வேருக்குத் தள்ள எதுவும் இருக்காது. காய் வேகமாகப் பெருத்துக்கொண்டிருக்கும் முதல் இரண்டு வாரத்தில் இப்படிச் சில இரவுகள் வீணானால், முனையில் உள்ள செல்களின் சுவர் உறுதிப்படாமல் குலைந்துவிடும். நம் கண்ணுக்குக் கருப்பு தெரிவது அதற்குப் பிறகு பல நாள் கழித்து. ஆகவே இன்று கருத்த காய், இன்றைய கவனிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு முந்தைய மண்ணின் நிலைமையைச் சொல்கிறது.

திருச்சி உறையூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் மாடியைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். எட்டுப் பைகள், எல்லாம் 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். ஐந்து பைகள் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நேரே தளத்தின்மேல், மூன்று தண்ணீர்த் தொட்டியின் நிழலில். நட்டது மார்கழியில், நான் பார்த்தது பங்குனி தொடக்கத்தில். "தம்பி, முட்டை ஓடு போட்டாச்சு, சுண்ணாம்புத் தண்ணி ஊத்தியாச்சு, வாரம் தவறாம கடலைப் புண்ணாக்கும் கரைச்சு ஊத்துறேன். எப்சம் உப்பும் தெளிச்சேன். இன்னும் அடி கருத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். சுவரை ஒட்டிய ஐந்து செடியிலும் கீழ்க்கொத்துக் காய்கள் கருத்திருந்தன. தொட்டி நிழலில் இருந்த மூன்றில் ஒரு காய்கூடக் கருக்கவில்லை. அதே விதை, அதே மண் கலவை, அதே புண்ணாக்கு. சத்துக் குறைதான் காரணம் என்றால் எட்டிலும் கருத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு தண்ணி ஊத்துறீங்க அக்கா?" என்று கேட்டேன். காலையில் பைக்கு ஒரு மக், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர். ஊற்றிக் காட்டச் சொன்னேன். ஊற்றிய சில நொடியிலேயே பையின் அடித் துளைகளில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் பை முழுக்க நனைந்துவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் பையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தால், மண்ணுக்கும் பைக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. கோகோபீட் கலந்த மண் ஒரு தடவை நன்றாகக் காய்ந்தால் சுருங்கிப் பையை விட்டு விலகிவிடும், தண்ணீரையும் எளிதில் ஏற்காது. ஊற்றியது அத்தனையும் அந்தச் சந்து வழியே இறங்கி ஓடியிருக்கிறது. நடுவில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகி எடுத்தோம். மேலே இரண்டு அங்குலம் ஈரம், அதற்குக் கீழே குச்சி காய்ந்தபடியே வந்தது. காய்ப்பில் இருக்கும் தக்காளிச் செடி ஒன்று பங்குனி வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்கூடக் குடிக்கும். இங்கே அதற்குக் கிடைத்தது ஒரு லிட்டருக்கும் குறைவு, அதுவும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததும் கவனிக்க வேண்டியது. உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் சிலர் மாடிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரின் உப்பு முழுக்க அதில் திரண்டிருக்கும். தளம் கழுவ அது நல்லது, தக்காளிப் பைக்கு வேண்டாம். அக்கா ஊற்றியதும் அதுதான்.

புண்ணாக்குக் கரைசலும் எப்சம் உப்பும் வேறு விதத்தில் கெடுதல் செய்தன. புளித்த புண்ணாக்கு, பச்சைச் சாணம், யூரியா இவற்றிலிருந்து வரும் நைட்ரஜன் முதலில் அம்மோனியமாக இருக்கும். அதுவும் எப்சம் உப்பில் உள்ள மெக்னீசியமும் வேரின் வாசலில் கால்சியத்தோடு போட்டி போடும். அளவு மிஞ்சினால் கால்சியம்தான் பின்வாங்கும். போதாததற்கு, நைட்ரஜன் கூடினால் இலை பெருகும், இலை பெருகினால் இழுவையும் பெருகும், காய்க்கு இன்னும் குறையும். அடி கருத்தால் எப்சம் உப்பு போடு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை எங்கும் கேட்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். அதில் கால்சியம் ஒரு துளிகூட இல்லை.

அன்றைக்கே சில வேலைகள் செய்தோம். கருத்த காய்களை எல்லாம் பறித்தோம். அவை திரும்பத் தேறாது, செடியின் சக்தியைத்தான் வீணாக உறிஞ்சும். பிறகு ஒவ்வொரு பையையும் ஓர் அகலமான அலுமினியத் தொட்டியில் வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, மேல்மண் கறுத்து ஈரம் காட்டும் வரை விட்டோம். காய்ந்த கோகோபீட்டை மேலிருந்து ஊற்றி நனைப்பதைவிடக் கீழிருந்து ஊற வைப்பதே சுலபம். ஊறி உப்பிய மண் பையின் சுவரைத் திரும்பத் தொட்டது. அதன்பின் தொட்டியிலிருந்து எடுத்து, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை மேலிருந்து மெதுவாகப் பைக்கு ஒரு வாளி ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவி வெளியே விட்டோம். பைகளைத் தளத்திலிருந்து தூக்கிச் செங்கல்மேல் வைத்தோம். பங்குனி மதியம் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது, அதே சூட்டில்தான் வேர் நாள் முழுக்க நின்றிருக்கிறது. மேல்மண்ணில் இரண்டு அங்குலத்துக்கு உலர்ந்த சருகு பரப்பினோம். மேற்கு வெயிலை மறைக்க 50 சதவீத நிழல்வலையை ஒரு பக்கம் மட்டும் திரைபோல் கட்டினோம்.

தண்ணீர் முறையும் மாறியது. காலையில் ஒரு லிட்டரை இரண்டு தவணையாக, முதலில் கொஞ்சம் ஊற்றி, அது இறங்கியதும் மிச்சம். மாலை ஐந்தரை மணிக்கு மேல் திரும்பவும் ஒன்றரை லிட்டர், இலை நனையாமல் வேர்ப்பக்கம் மட்டும். மாலையில் தண்ணீர் ஊற்றினால் பூஞ்சை வரும் என்று பயப்படுகிறார்கள். நனைந்த இலை இரவெல்லாம் காயாமல் இருந்தால்தான் அந்தப் பயம். மண்ணை நனைத்தால் இல்லை. அளவைக் கணக்குப் பார்த்து ஊற்றுவதைவிடப் பையைச் சாய்த்துப் பார்ப்பது நல்லது. முழுக்க நனைந்த பையை ஒரு தடவை சாய்த்து அதன் கனத்தைக் கை அறிந்துகொண்டால், பிறகு எந்த வேளையிலும் ஒரு கையால் சாய்த்தே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடலாம். மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும்.

அக்கா ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில், "இன்னும் ரெண்டு காய் கருத்துடுச்சு தம்பி" என்றார். எதிர்பார்த்ததுதான். நாங்கள் தண்ணீரைச் சரிசெய்தபோதே அவை எலுமிச்சை அளவைத் தாண்டியிருந்தன, கெடுதல் அதற்கு முன்பே நடந்துவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழந்து வேறு மருந்துக்குப் போய்விடுகிறார்கள். தண்ணீரைச் சரிசெய்த பிறகு பிடித்த கொத்துகள் மூன்று வாரத்தில் எலுமிச்சை அளவைக் கடந்தன. அவற்றின் அடி வெளிர்பச்சையாகச் சுத்தமாக இருந்தது.

கால்சியம் உண்மையிலேயே இல்லாமல் போகும் மாடிகளும் உண்டு. மண்ணே சேர்க்காமல் வெறும் கோகோபீட்டும் மண்புழு உரமும் நிரப்பி, மழைத் தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ மட்டும் ஊற்றும் இடங்கள் அவை. ஏசித் தண்ணீரில் எந்தத் தாது உப்பும் கிடையாது. கோகோபீட்டோ பொட்டாசியமும் சோடியமும் நிறைந்தது, கிடைக்கிற கால்சியத்தையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து, வாரம் இரண்டு தடவை வேரில் ஊற்றலாம். எப்சம் உப்போடோ பாஸ்பரஸ் உரத்தோடோ ஒரே வாளியில் கரைக்கக் கூடாது, கலங்கி அடியில் படிந்துவிடும். இன்னும் நல்லது, புதுக் கோகோபீட் கட்டியை முதலில் இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசி, 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பிழிந்து பையில் நிரப்புவது. முட்டை ஓடு கரைந்து செடிக்குச் சேர மாதக்கணக்கில் ஆகும். அடுத்த பருவத்து மண்ணுக்கு அது உதவலாம், இந்தக் காய்க்கு உதவாது.

இனி இலை. இங்கே பார்க்க வேண்டியது, சுருண்டது எந்த இலை என்பதுதான். அடியிலும் நடுவிலும் உள்ள முதிர்ந்த இலைகள் நீளவாக்கில் மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் தோல்போல் தடித்து, ஆனால் நல்ல பச்சையாகவே இருக்கிறதா? மேலே கொழுந்து ஒழுங்காக வருகிறதா? அப்படியானால் அது வெயிலுக்கும் தாகத்துக்கும் செடி தன்னைச் சுருக்கிக்கொள்வது. பக்கக் கிளைகளை ஒரேயடியாக நிறையக் கிள்ளினாலும் இப்படி ஆகும். தண்ணீர் சரியான பிறகும் சுருண்ட இலை முழுக்க விரியாமல் இருக்கலாம், விளைச்சலுக்குப் பாதகமில்லை. அக்காவின் மாடியில் ஐந்து செடியில் மூன்று இந்த வகைதான்.

மற்ற இரண்டும் வேறு. உச்சிக் கொழுந்து கிண்ணம்போல் மேலே குவிந்து, இலை சுண்டைக்காய் இலையைவிடச் சிறுத்து, ஓரத்திலும் நரம்புகளுக்கு நடுவிலும் மஞ்சள் பாய்ந்திருந்தது. கணுக்கள் நெருங்கிச் செடி துடைப்பம்போல் குட்டையாகியிருந்தது. பூ பிடிக்காமல் உதிர்ந்தது. இது இலைச்சுருள் நச்சுயிரி நோய். வெள்ளை ஈ ஒரு செடியில் சாறு உறிஞ்சி அடுத்த செடிக்குப் போகும்போது கொண்டுபோய்ச் சேர்ப்பது. செடியை மெல்லத் தட்டினால் மாவு பறப்பதுபோல் இலைக்கடியிலிருந்து ஈ கிளம்பும். இதற்கு மருந்து கிடையாது. நச்சுயிரி ஏறிய செடி திரும்பத் தேறாது, பக்கத்துச் செடிகளுக்கு அதுவே ஊற்றாக இருக்கும். காய் தொங்குகிறதே என்று மனம் கேட்காது, ஆனாலும் பிடுங்கித்தான் ஆக வேண்டும். பிடுங்கும் முன் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து ஈயை அடக்கி, செடியைப் பெரிய பிளாஸ்டிக் பையால் மூடிப் பிடுங்கினால் ஈக்கள் கலைந்து அடுத்த செடிக்குப் போகாது. மிச்சச் செடிகளுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஈ வந்திருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும், அதை மட்டும் நம்ப முடியாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. கொழுந்து மேல்நோக்கிக் குவியாமல் ஓரம் கீழ்நோக்கி வளைந்து, இலையடி வெண்கல நிறத்தில் பளபளத்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் மாலையில் தெளித்தால் போதும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தால் இலை கருகும்.

நச்சுயிரி பெரும்பாலும் நாற்றுப் பருவத்திலேயே ஏறிவிடுகிறது. நாற்றுத் தட்டைச் சன்னமான பூச்சி வலைக்குள் வைத்து வளர்த்தால் பாதிச் சண்டை குறையும். கடையில் நாற்று வாங்குபவர்கள் இலையைத் திருப்பி, அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வருஷா வருஷம் இலைச்சுருள் தாக்கும் மாடி என்றால், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்‌ஷக் போல, இந்த நோயைத் தாங்கும் ஒட்டு ரகத்தை நடலாம். அடி கருப்பதற்கும் ரகத்துக்கும் தொடர்பு உண்டு. நீள்வாக்கான காய் ரகங்களில் அது அதிகம், குட்டிச் செர்ரித் தக்காளியில் அபூர்வம்.

புதிதாகப் பை வாங்குபவர்கள் 12 அங்குலப் பைக்குப் பதில் அகலமும் உயரமும் 15 அங்குலமுள்ள பையை வாங்கினால், கொள்ளும் மண் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் இரவு வரைக்கும் நிற்கும். அக்கா இப்போது நான்கு பெரிய பைகளுக்கு மாறிவிட்டார். சித்திரை, வைகாசியில் புதுச் செடி வைக்கவில்லை, இரவும் சூடாக இருக்கும் அந்த மாதங்களில் பூ நிற்காது. ஆனியில் வலைக்குள் விதை போட்டிருக்கிறார்.

அடி கருத்த காயைச் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கருத்த பகுதி காய்ந்து கெட்டியாக இருந்தால், அதைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடலாம். கருப்பின்மேல் பூசணம் பூத்திருந்தாலோ, சதை கொழகொழத்து நாற்றம் அடித்தாலோ, உரக்குழிதான் அதற்கு இடம்.